அக்காவுக்கு எழுதும் மறுப்பு: வரைவைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

தாழ்வாரம்

என் பெரியம்மாவின் மகள் என்னைவிட ஆறு வயது மூத்தவள். அம்மா மூன்று வாரம் மருத்துவமனையில் கிடந்தபோது என் பிள்ளைகள் இருவரையும் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவள் அவள்தான். எட்டு மாதங்களுக்கு முன் ஒரு நேரடி விற்பனைத் திட்டத்தில் சேர்ந்தாள். சென்ற இரண்டு மாதங்களில் இரண்டு முறை என்னிடம் தொலைபேசியில் கேட்டாள். முதல் முறை "பார்க்கலாம் அக்கா" என்றேன், அடுத்த முறை "இப்போது நேரமே இல்லை" என்றேன். இந்த மாதம் 26ஆம் தேதி நீண்ட செய்தியொன்றை அனுப்பியிருக்கிறாள். தன் கீழே ஓர் இடம் இருப்பதாகவும், அது மாதக் கடைசிவரைதான் இருக்கும் என்றும், நான் பெயரைக் கொடுத்து முதல் கொள்முதலைச் செய்துவிட்டால் மற்றதெல்லாம் அவளே பார்த்துக்கொள்வாள் என்றும் எழுதியிருக்கிறாள்.

எனக்குச் சேர விருப்பமில்லை, அவளை இழக்கவும் விருப்பமில்லை. நேரில் பேசினால் தடுமாறி ஏதாவது ஒப்புக்கொண்டுவிடுவேன் என்ற பயத்தால் எழுத்தில் பதில் சொல்ல நினைக்கிறேன். என் வரைவு இது:

> அன்புள்ள அக்காவுக்கு, உங்கள் செய்தி கிடைத்தது. என்னை நினைத்துக்கொண்டதற்கு நன்றி. ஆனால் தற்சமயம் எனக்கு வேலைப்பளு அதிகமாக இருக்கிறது. பிள்ளைகளின் தேர்வு வேறு நெருங்குகிறது. முதல் போடவும் இப்போது வசதி இல்லை. மேலும் புதியவர்களிடம் பேசி விற்கும் திறமை எனக்கு இல்லை என்பது உங்களுக்கே தெரியும். இத்தகைய திட்டங்களில் பெரும்பாலோர் நஷ்டப்படுவதாகவும் கேள்விப்படுகிறேன். எனவே தயவுசெய்து தவறாக நினைக்க வேண்டாம். மன்னிக்கவும். பிறகு பார்க்கலாம்.

மரியாதையாகத்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது. இருந்தாலும் அனுப்பக் கை வரவில்லை.

நேர்கோடு

நஷ்டம் பற்றிய வரியை எடுத்துவிடுங்கள். அது அவர்களை மோசடிக்காரர் என்று சொல்வதுபோல் இருக்கிறது. கையில் கொடுக்கப் பொருள் இருந்தால் அது பிரமிடுத் திட்டம் ஆகாது. பொருளே இல்லாமல் ஆள் சேர்ப்பதற்கு மட்டும் பணம் கொடுத்தால்தான் அது சட்டவிரோதம். உங்கள் அக்கா விற்பது உண்மையான பொருள் என்பதால், நிறுவனத்தைக் குறை சொல்லாமல் உங்கள் சூழ்நிலையை மட்டும் காரணமாகக் காட்டி நழுவிக்கொள்வதே நல்லது.

பழைய டவுன்லைன்

நான் இத்தகைய ஒரு திட்டத்தில் மூன்று ஆண்டுகள் இருந்தேன், ஒரு கட்டத்தில் புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் இடத்திலும் இருந்தேன். இந்த வரைவை என் பழைய கண்ணால் படித்தால் இது மறுப்பாகவே தெரியவில்லை, நான்கு கேள்விகளும் ஒரு தேதியும்தான் தெரிகின்றன.

மறுப்புக்கு எப்படிப் பதில் சொல்வது என்பதே அங்கே தனிப் பாடம். நேரம் இல்லை என்று சொல்பவரிடம், வாரத்தில் இரண்டு மணி நேரம் போதும் என்றும், நேரமே இல்லாதவருக்குத்தான் இது தேவை என்றும் சொல்லக் கற்றுக்கொடுப்போம். முதல் இல்லை என்பவரிடம், முதல் மாதத்தை நான் போட்டுவிடுகிறேன், பிறகு கொடு என்போம். பேசத் தெரியாது என்றால், நீ பேசவே வேண்டாம், ஆளை மீட்டிங்குக்கு அழைத்துவந்தால் போதும், மேலே இருக்கும் லீடர் பிளான் காட்டுவார் என்போம். நஷ்டம் என்று யாராவது சொன்னால், முயற்சி செய்யாதவர்களுக்கு நஷ்டம் வரத்தானே செய்யும் என்பது பதில். எதைச் சொன்னாலும், "உனக்கு இப்படித் தோன்றுவது புரிகிறது, எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது, உள்ளே வந்த பிறகுதான் உண்மை தெரிந்தது" என்ற மூன்றடுக்கு வாக்கியத்தில் தொடங்க வேண்டும். உங்கள் அக்கா இதை உங்களிடம் ஏற்கெனவே சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

காரணம் சொல்வது மரியாதை என்று நாம் வளர்க்கப்பட்டிருக்கிறோம். இங்கே நீங்கள் சொல்லும் ஒவ்வொரு காரணமும், அது தீர்ந்துவிட்டால் நான் சேர்வேன் என்ற வாக்குறுதியாக அந்தப் பக்கம் போய்ச் சேரும். "பிறகு பார்க்கலாம்" என்றவரின் பெயரை நாங்கள் ஒரு நோட்டில் எழுதி, எதிரே மறுபடி பேச வேண்டிய தேதியையும் குறித்துவைப்போம். தேர்வு முடியும் தேதியை உங்கள் அக்காவும் குறித்துக்கொள்வார்.

26ஆம் தேதியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தத் திட்டங்களில் பெரும்பாலும் கணக்கு மாதக் கடைசியில் மூடப்படும். தகுதிநிலைக்கு ஒரு ஆளோ, பொருள் வாங்குவதற்குக் கணக்கிடும் புள்ளிகளில் சிலவோ குறைந்தால், கடைசி வாரத்தில் மேலே இருப்பவர் தினமும் அழைத்து, வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்பார். செய்தி உங்கள் அக்காவின் பெயரில் வந்திருக்கலாம், அதை எழுத வைத்த அவசரம் வேறு ஒருவருடையது. இது தெரிந்தால் உங்களுக்கு அவர்மேல் கோபம் குறையும் என்பதற்காகச் சொல்கிறேன்.

நேர்கோடு சொன்னதில் முடிவு சரி, காரணம் சரியில்லை. பொருள் இருப்பது மட்டும் உரைகல் ஆகாது. அமெரிக்காவில் 1975இல் மத்திய வணிக ஆணையம் கோஸ்காட் என்ற நிறுவனத்தின்மேல் தீர்ப்பளித்தபோது அந்த நிறுவனம் அழகுசாதனப் பொருள்களைத்தான் விற்றுக்கொண்டிருந்தது. ஆள் சேர்ப்பதற்குக் கிடைக்கும் பணம், பொருளைக் கடைசியில் பயன்படுத்துபவருக்கு விற்பதோடு தொடர்பில்லாமல் வருகிறதா என்பதே அங்கே கேள்வியானது. அதே ஆணையம் 1979இல் ஆம்வே பிரமிடு அன்று என்று முடிவு செய்தபோதும் வெறுமனே பொருள் இருக்கிறது என்று விட்டுவிடவில்லை. வாங்கிய சரக்கில் 70 விழுக்காட்டையாவது விற்றிருக்க வேண்டும், மாதம் பத்து வாடிக்கையாளர்களுக்காவது விற்றிருக்க வேண்டும், விலகுபவரின் சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற அந்த நிறுவனத்தின் விதிகளைப் பார்த்துத்தான் முடிவு செய்தது. ஆகவே உங்கள் அக்கா இருக்கும் நிறுவனம் எந்த வகை என்று இங்கிருந்து யாராலும் சொல்ல முடியாது. கடிதத்தில் அந்தப் பேச்சும் வேண்டியதில்லை.

மூன்றாம் மாடி

பணத்தைத் திரும்ப வாங்க முடியும், கவலைப்படாதீர்கள். என் மைத்துனர் இப்படி ஒன்றில் சேர்ந்து, தகுதி போய்விடக் கூடாது என்பதற்காக மாதாமாதம் வாங்கிய பெட்டிகள் கட்டிலுக்கு அடியில் நிறைந்து, பிறகு அலமாரிக்கு மேலேயும் ஏறின. விலகும்போதுதான், சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் விதி ஒப்பந்தத்தில் இருப்பதைப் படித்தோம். முத்திரை பிரிக்காதவை, காலாவதிக்கு நாள் உள்ளவை, ரசீது கையில் உள்ளவை மட்டும் போயின. அதிலும் கொஞ்சம் பிடித்துக்கொண்டார்கள், அதன்மேல் அவருக்குக் கிடைத்திருந்த கமிஷனையும் கழித்துக்கொண்டார்கள். மேலே இருந்தவர், "இன்னும் ஒரு மாதம் பாருங்கள்" என்று சொல்லிச் சொல்லியே திருப்பும் கெடுவில் பாதியைத் தின்றுவிட்டார். எனவே நீங்கள் தாமதிக்காமல், எழுத்திலேயே, நிறுவனத்துக்கே நேராக எழுதுங்கள்.

தாழ்வாரம்

மூன்றாம் மாடி, நான் இன்னும் சேரவில்லை, அழைப்பு மட்டுமே வந்திருக்கிறது. ஆனாலும் நீங்கள் எழுதியதைக் குறித்துவைத்துக்கொண்டேன், அக்காவுக்கு ஒருநாள் தேவைப்படலாம்.

பழைய டவுன்லைன், அந்த மூன்றடுக்கு வாக்கியத்தை அவள் சொல்லியிருக்கிறாள். ஒரு சொல்கூட மாறவில்லை. படித்ததும் எனக்கு வேர்த்துவிட்டது.

எனக்கு இன்னொன்றும் புரியவில்லை. நான் சேர்ந்தால் அவளுக்கு உண்மையில் என்ன கிடைக்கும்? அவளுக்கு அது பெரிய உதவியாக இருக்குமானால், நஷ்டத்தைப் பொறுத்துக்கொண்டு ஆறு மாதம் இருந்துவிட்டுப் போகலாமே என்றுகூட ஒரு நாள் இரவு முழுவதும் யோசித்தேன். அவள் அனுப்பிய பிளானில் இப்படி இருக்கிறது: ஒவ்வொருவருக்கும் கீழே ஆள்களைச் சேர்க்க லெஃப்ட், ரைட் என இரண்டு பக்கம். மாதம் 100 புள்ளிக்குத் தானே வாங்கினால்தான் வருமானத்துக்குத் தகுதி. இரண்டு பக்கங்களில் எது குறைவோ அந்தப் பக்கத்துப் புள்ளிகளில் 10 விழுக்காடு வருமானம். அவளுடைய கணக்குப் பக்கத்தின் படத்தையும் ஆர்வத்தோடு அனுப்பியிருந்தாள். லெஃப்டில் 1,200, ரைட்டில் 300.

பழைய டவுன்லைன்

அந்தப் படத்தில் எல்லாமே இருக்கிறது. லெஃப்டில் உள்ள 1,200ஐ உங்கள் அக்கா திரட்டியிருக்க வாய்ப்பு குறைவு. மேலே இருப்பவர் தாம் சேர்த்த ஆள்களைத் தம்முடைய ஒரே பக்கத்தில் வரிசையாக இறக்கிக்கொண்டே போவார், அந்த வரிசையில் உங்கள் அக்காவும் ஒரு கண்ணி. ஆகவே தானாக வளரும் பக்கம் ஒன்று எல்லோருக்கும் கண்முன்னே தெரியும், பார்க்க மிகவும் நம்பிக்கையாகவும் இருக்கும். ஆனால் வருமானம் மற்ற பக்கத்தை வைத்துத்தான், அந்தப் பக்கத்தைச் சொந்தக்காரர்களையும் தோழிகளையும் கொண்டு அவரேதான் நிரப்ப வேண்டும். உங்களுக்காக இருக்கிறது என்று அவர் சொல்லும் இடம் அந்த ரைட்டில்தான் இருக்கும்.

எளிமைக்காக ஒரு புள்ளியை ஓர் அலகுப் பணம் என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் கொடுக்கும் விலை புள்ளியைவிடக் கூடுதலாகவே இருக்கும். 100க்கு வாங்கும் பொருளில் 40 அளவுக்கு, எப்படியும் வெளியில் வாங்கியிருக்க வேண்டியதுதான் என்று தாராளமாகவே ஒப்புக்கொள்வோம். இன்றைய நிலையில் உங்கள் அக்கா 100 கொடுக்கிறார், 40க்குப் பயன் பெறுகிறார், 300இல் 10 விழுக்காடாக 30 வருகிறது. மாதம் 30 கையைக் கடிக்கிறது. போக்குவரத்து, மீட்டிங் கட்டணம், தொலைபேசிச் செலவு எதையும் நான் சேர்க்கவில்லை.

நீங்கள் சேர்ந்து மாதம் 100க்கு வாங்கினால் அவருடைய ரைட் 400 ஆகும், வருமானம் 40 ஆகும், அவருடைய நஷ்டம் 20 ஆகக் குறையும். உங்களுக்கோ கீழே யாரும் இல்லாததால் 100 கொடுத்து 40 பயன், நஷ்டம் 60. இப்போது இரு வீட்டுக்கும் சேர்த்து மாதம் 30 போய்க்கொண்டிருக்கிறது, நீங்கள் உதவி செய்த பிறகு 80 போகும். நீங்கள் சேரும்போது ஒருமுறை அவருக்கு ஏதாவது ஊக்கத்தொகை வரலாம், அடுத்த மாதம் அது இருக்காது.

அவருக்கு மாதம் 10 கிடைக்க வேண்டும் என்பதுதான் உங்கள் ஆசை என்றால், அந்தப் பத்தை அவர் கையில் கொடுத்துவிடுவது உங்களுக்கு 50 மிச்சம்.

நேர்கோடு

அப்படியானால் இந்தக் கணக்கையே கடிதத்தில் எழுதிவிடலாமே. அதோடு, ஒவ்வொருவரும் ஆறு பேரைச் சேர்க்க வேண்டும் என்று வைத்தால் பதின்மூன்றாம் படியிலேயே உலக மக்கள்தொகையைத் தாண்டிவிடும் என்பதையும் சேர்த்தால் அவருக்கே தெளிவாகிவிடும். அன்பு இருந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் நழுவுவது எனக்கு உடன்பாடில்லை.

பழைய டவுன்லைன்

பதின்மூன்றாம் படிக் கணக்கு சரிதான், ஆனால் அவருடைய கண்ணுக்கு அது எட்டாது. 40 பயன் போக மீதி 60ஐ ஈடுகட்ட அவருக்கு ரைட்டில் 600 வேண்டும், அதாவது இன்னும் மூன்றே மூன்று பேர். மூன்று பேர் தேடுபவரிடம் உலக மக்கள்தொகையைப் பற்றிப் பேசினால் அவருக்குச் சிரிப்புத்தான் வரும். அந்த மூவரும் மாதம் 60 இழப்பவர்களாக இருப்பார்கள் என்பதும், அதனால் அவர்களில் யாராவது சீக்கிரமே நின்றுவிடுவார்கள் என்பதும், எட்டு மாதத்தில் அவருக்கே கொஞ்சம் தெரிந்திருக்கும்.

கணக்கை எழுத வேண்டாம் என்பதற்கு வேறொரு காரணம் இருக்கிறது. உங்கள் கடிதத்தை உங்கள் அக்கா மட்டும் படிப்பார் என்று எண்ணாதீர்கள். எங்கள் காலத்தில் மறுப்பு வந்தால் அதைப் படம் பிடித்து மேலே அனுப்பி, இதற்கு என்ன பதில் சொல்வது என்று கேட்பதுதான் வழக்கம். நீங்கள் அக்காவுக்குக் கணக்கு எழுதுவீர்கள், உங்களுக்குப் பதில் எழுதப்போவது மாதம் நூறு பேருக்குப் பதில் எழுதிப் பழகிய ஒருவர். அதற்கு நீங்கள் பதில் எழுதினால் அக்கா இடையில் தூதராக நிற்பார். மூன்றாவது சுற்றில் உறவு என்னவாகும் என்று எனக்குத் தெரியும். என் சித்தப்பாவோடு நான் பேசி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அன்று அந்தப் பதில்களை எழுதியவன் நான்.

நேர்கோடு

இதை முன்பே சொல்லியிருக்கலாம். வருந்துகிறேன். ஆனாலும், தெரிந்தும் சொல்லாமல் இருப்பது சரிதானா என்ற கேள்வியை நான் விடவில்லை.

மழைக்காகிதம்

என் ஓர்ப்படி இப்படி ஒன்றில் இருக்கிறார். சேரமாட்டேன், ஆனால் மாதம் ஒரு பொருள் வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்னேன். இரண்டு வருடமாகச் சுமுகமாகப் போகிறது. அடியோடு மறுப்பதைவிட இது உறவுக்கு நல்லதல்லவா?

பழைய டவுன்லைன்

உங்களுக்கு நன்றாக அமைந்திருக்கிறது என்றால் சந்தோஷம். பயன்படக்கூடிய பொருளாக இருந்து, அவரிடமே காசு கொடுத்து, அவர் கையாலேயே வாங்கினால் அதில் குறையொன்றும் இல்லை. உண்மையில் நேரடி விற்பனை என்ற பெயருக்குப் பொருத்தமான செயல் அதுதான். சிக்கல் எங்கே வரும் என்றால், "உன் பெயரில் ஐடி போட்டால் உனக்கே தள்ளுபடி" என்று சொல்லி அடையாள அட்டையின் படமோ கைபேசிக்கு வரும் கடவு எண்ணோ கேட்கும்போது. அதைக் கொடுத்துவிட்டால் நீங்கள் வாடிக்கையாளர் இல்லை, அவருடைய ரைட்டில் ஒரு பெயர். பிறகு மாதக் கடைசியில், உன் ஐடி தூங்கிவிடும், இந்த மாதம் மட்டும் போட்டுவிடு என்று அழைப்பு வரும்.

தாழ்வாரத்தின் அக்கா வாங்கச் சொல்லவில்லை, சேரச் சொல்கிறார். கேட்காத பொருளை வாங்குகிறேன் என்று கடிதத்திலேயே நீட்டினால், அது மறுப்புக்குச் செலுத்தும் அபராதம்போல் ஆகிவிடும். மாதாமாதம் அபராதம் கட்டுபவருக்கு உறவு கசக்கும்.

மழைக்காகிதம்

எனக்குக் கசக்கவில்லை. அபராதம் என்ற சொல்லைத்தான் ஏற்க முடியவில்லை. எல்லா அக்காக்களும் உங்கள் பயிற்சி வகுப்பிலிருந்து வந்தவர்கள் அல்லர்.

சொல்லடுக்கு

நான் இத்தனை நேரமும் கணக்குகளைத் தாண்டித் தாண்டி முதல் வரைவையே படித்துக்கொண்டிருந்தேன். தாழ்வாரம், ஒரு கேள்வி. அக்காவை நேரில் எப்படி அழைப்பீர்கள்? எங்களிடம் அவரைப் பற்றி எழுதும்போது "அவள்" என்கிறீர்கள், கடிதத்தில் "நீங்கள்" என்று போட்டிருக்கிறீர்கள். பிறந்ததிலிருந்து "நீ" என்று அழைத்த ஒருத்தியிடமிருந்து திடீரென்று "உங்கள் செய்தி கிடைத்தது" என்று வந்தால், சேரமாட்டாள் என்பதற்கு முன்பாகவே, இவள் என்னைத் தள்ளி நிறுத்திவிட்டாள் என்றுதான் அவருக்குப் படும். மரியாதைக்காகப் போட்ட பன்மை இந்த இடத்தில் ஒரு கதவைச் சாத்துகிறது.

"கிடைத்தது", "தற்சமயம்", "மேலும்", "எனவே" எல்லாம் விடுப்பு விண்ணப்பத்தின் சொற்கள். "தவறாக நினைக்க வேண்டாம்" என்பது, தவறாக நினைக்க இதில் ஏதோ இருக்கிறது என்று நாமே எடுத்துக்கொடுப்பது. "மன்னிக்கவும்" வேண்டவே வேண்டாம், நீங்கள் குற்றம் எதுவும் செய்யவில்லை. அதைவிட முக்கியமாக, இந்த வரைவில் "சேரமாட்டேன்" என்ற சொல் எங்குமே இல்லை. மறுபடி படித்துப் பாருங்கள்.

தாழ்வாரம்

படித்துப் பார்த்தேன். இல்லை. பத்து வாக்கியம் எழுதி அந்த ஒரு சொல்லை எழுதாமல் விட்டிருக்கிறேன்.

"நீ" என்றுதான் அழைப்பேன். எழுத உட்கார்ந்ததும் கை தானாக "நீங்கள்" என்று போனது, பயத்தால்தான் இருக்க வேண்டும்.

இரண்டாம் வரைவு:

> அக்கா, உன் செய்தியை இரண்டு மூன்று முறை படித்தேன். நல்லது ஒன்று கிடைத்தால் அதில் எனக்கும் பங்கு வேண்டும் என்று நீ நினைப்பது இன்று நேற்றல்ல என்று எனக்குத் தெரியும்.
>
> நான் இதில் சேரமாட்டேன். நன்றாக யோசித்து எடுத்த முடிவு இது, அடுத்த மாதமோ அடுத்த வருடமோ மாறாது. முன்பு இரண்டு முறை நீ கேட்டபோது நேரம் இல்லை, பார்க்கலாம் என்று சொன்னேன். அது சரியான பதில் இல்லை. உன்னைக் காத்திருக்க வைத்தது என் தவறு. பெயருக்கு மட்டும் சேர்வதும், ஒரு மீட்டிங்குக்கு வந்து பார்ப்பதும்கூட எனக்கு வேண்டாம். நீ செய்வது தவறு என்பதால் நான் இப்படிச் சொல்லவில்லை.
>
> இதைப் பற்றி நாம் மறுபடியும் பேசாமல் இருந்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும். மற்ற எல்லாவற்றையும் பேசுவோம். 9ஆம் தேதி அம்மாவைக் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போகிறேன், நீயும் உடன் வந்தால் அம்மாவுக்குத் தெம்பாக இருக்கும். காலை எட்டரைக்கு உன்னை வந்து அழைத்துக்கொள்கிறேன்.

சொல்லடுக்கு

இது உங்கள் குரல். இரண்டு இடங்களைத் தொட வேண்டும். "நீ செய்வது தவறு என்பதால் நான் இப்படிச் சொல்லவில்லை" என்பதை எடுத்துவிடுங்கள். அவர் கேட்காத ஐயத்துக்கு இது பதில், "தவறு" என்ற சொல்தான் அவர் மனத்தில் தங்கும். அது போக, உங்களுக்கு அப்படி ஒரு கருத்து இருக்கிறது என்றால் இந்த வாக்கியம் பொய்யாகவும் ஆகிறது. மற்றொன்று, "மறுபடியும் பேசாமல் இருந்தால்" என்பதை அவர் செய்ய வேண்டியதாக மட்டும் வைக்காதீர்கள். நானும் இதைப் பற்றி வீட்டில் யாரிடமும் பேசமாட்டேன் என்று உங்கள் பக்கத்தையும் கொடுங்கள். உறவினரிடையே இவருக்கு இருக்கும் பெரிய அச்சம், நீங்கள் மறுத்ததைவிட, மறுத்ததைப் பிறரிடம் சொல்வீர்களோ என்பதாகத்தான் இருக்கும்.

பழைய தவற்றை நீங்களே ஏற்றுக்கொண்ட வரி அப்படியே இருக்கட்டும்.

பழைய டவுன்லைன்

தேதியும் நேரமும் போட்டு அழைத்தது மிகவும் சரி. "நம் உறவு மாறாது" என்று மட்டும் எழுதியிருந்தால் அது எல்லோரும் எழுதுவது. நானே பலரிடமிருந்து அதைப் பெற்றிருக்கிறேன், பிறகு அவர்கள் வரவில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: 31ஆம் தேதி இரவு அனுப்பாதீர்கள். அன்று அவர் மேலே இருப்பவரின் அழைப்புகளுக்கு நடுவில் இருப்பார். இன்றே அனுப்புங்கள், வேறு ஆளைத் தேடிக்கொள்ளவாவது அவருக்கு நாள் இருக்கும்.

நேர்கோடு

வேறு ஆளைத் தேடிக்கொள்ள நாள் இருக்கட்டும் என்று நீங்களே சொல்கிறீர்கள். அந்த வேறு ஆள் மாதம் 60 இழப்பாரே. நான் கேட்டது இதைத்தான்.

பழைய டவுன்லைன்

ஆம். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

தாழ்வாரம்

சொல்லடுக்கு சொன்ன திருத்தங்களோடு 28ஆம் தேதி காலையில் அனுப்பினேன். கடைசியில் போனது இப்படி இருந்தது: "இதைப் பற்றி நாம் மறுபடியும் பேச வேண்டாம் அக்கா. நானும் வீட்டில் யாரிடமும் இதைச் சொல்லமாட்டேன்." மற்றவை நீங்கள் பார்த்தவைதான்.

அன்று முழுவதும் பதில் இல்லை. மறுநாள் தெரியாத எண்ணிலிருந்து ஒரு பெண் அழைத்து, அக்காவின் சீனியர் என்று சொல்லிக்கொண்டு, ஐந்து நிமிடம் மட்டும் பேசலாமா என்றார். மிகவும் இனிமையாகப் பேசினார். "அக்காவுக்கு என் பதிலைச் சொல்லிவிட்டேன், உங்களிடம் சொல்ல வேறெதுவும் இல்லை, வணக்கம்" என்று வைத்துவிட்டேன். கை நடுங்கியது. அக்காவிடம் இந்த அழைப்பைப் பற்றி இதுவரை கேட்கவில்லை, கேட்பதா என்று தெரியவில்லை.

30ஆம் தேதி இரவு அக்காவிடமிருந்து வந்தது: "நீ யோசித்துத்தான் எழுதியிருக்கிறாய். எனக்கு வருத்தம்தான். 9ஆம் தேதி வருகிறேன்."

மழைக்காகிதம்

வருத்தம் என்று எழுதியது நல்ல அடையாளம். மறைத்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

தாழ்வாரம்

9ஆம் தேதி முடிந்துவிட்டது, அதனால் எழுதுகிறேன். எட்டரைக்குப் போனேன், வாசலில் தயாராக நின்றாள். வண்டியில் அரை மணி நேரம் இருவருமே அம்மாவிடம் மட்டும் பேசினோம், அது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. மருத்துவமனையில் அம்மாவுக்குச் சொட்டு மருந்து விட்டு உட்காரவைத்த பிறகு, அக்கா பையிலிருந்து என் சின்னவனுக்கு என்று ஒரு புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள். எடுக்கும்போது பைக்குள் அந்த நிறுவனத்தின் விலைப்பட்டியல் இருந்தது தெரிந்தது. நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். பையை மூடிவிட்டு, அவன் இதைப் படிக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டானா என்று கேட்டாள். அதற்குப் பிறகு சாதாரணமாகப் பேச முடிந்தது.

நேர்கோடு கேட்டது மனத்தில் அரிக்கிறது. அவளாகக் கேட்டால் அந்த 30, 60 கணக்கைச் சொல்லிவிடுவது என்று வைத்திருக்கிறேன். கேட்காவிட்டால் என்ன செய்வது என்று முடிவு செய்யவில்லை.

மூன்றாம் மாடி

இப்போதுதான் இழையை முதலிலிருந்து படித்தேன், நீங்கள் சேரவே இல்லை என்று இப்போது புரிந்தது. ஒன்று மட்டும் கேட்கிறேன், உங்கள் அக்கா வாங்கிய பெட்டிகள் பிரிக்காமல் இருக்கின்றனவா? ரசீதுகள்?

தாழ்வாரம்

தெரியவில்லை. அவளே அந்தப் பேச்சை எடுத்தால் உங்கள் பதிவை அப்படியே காட்டுகிறேன்.